சோலோ வேண்டாம்

பாட்டுப் பட்டியல் ஒத்திகை அறையின் கதவுக்குப் பின்பக்கம் ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நூலக முற்றத்தில் வாசிக்கப்போகும் ஏழு பாட்டுகள், அக்காவின் கொட்டை எழுத்தில். ஆறாவது பாட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் அடைப்புக்குறி. அதற்குள் இரண்டே வார்த்தைகள்: சோலோ வேண்டாம்.

தங்கை அதை மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்கும்போது காது மடல் சுட்டது.

அவள் கண்ணாடிக் கடையின் பின்பக்கப் பட்டறையில் வேலை பார்த்தாள். லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்தும் வேலை. அரை மில்லிமீட்டர் கூடினால் லென்ஸ் உள்ளே போகாது, குறைந்தால் நிற்காது. எதையும் இரண்டு தடவை அளந்த பிறகே கையை வைப்பாள் என்பதால் பட்டறையில் அவளுக்கு ‘அரை மில்லி’ என்று பெயர் விழுந்திருந்தது. அந்தப் பெயர் எப்படியோ வீட்டுக்கும் வந்து, வீட்டிலிருந்து அக்காவின் வாய்வழியாக இந்த அறைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அறை ஒரு கம்பளக் கிடங்கின் பின்னால் இருந்தது. சத்தம் வெளியே போகாமலிருக்க, விற்காத கம்பளங்களை நாலு சுவரிலும் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். குழுவில் இப்போது நான்கு பேர். பாட அக்கா. டிரம்ஸுக்குப் பள்ளி வேன் ஓட்டும் டிரைவர். பேஸ் கிட்டாருக்கு முனைக் கடை சலூன்காரர். நான்காவதாக, முன்பு கிட்டார் வாசித்தவன் வேலை மாற்றலாகி ஊரைவிட்டுப் போனதால் மூன்று வாரமாக அந்த இடத்தில் நிற்கும் அரை மில்லி. மாலை வகுப்பில் கிட்டார் கற்க ஆரம்பித்து அவளுக்கு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

ஆறாவது பாட்டு அக்காவே எழுதியது. பன்னிரண்டு பார் கொண்ட ஒரே சுற்று திரும்பத் திரும்ப வரும் ப்ளூஸ் பாட்டு. ஒரு பாருக்கு நாலு தட்டு. சில சுரங்களைச் சேர்த்து மீட்டும் கார்டு மொத்தம் மூன்றே. இரண்டாம் சரணம் முடிந்ததும் பாடுகிறவள் வாயை மூடிக்கொள்வாள். கிட்டார் மட்டும் தனியாகப் பேசும், அதுதான் சோலோ. அந்த இடத்தில் மூன்று வாரமாக டிரம்ஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பயிற்சி போதாது, ஞாயிறுக்குள் சொல்வார்கள் என்றுதான் அவள் காத்திருந்தாள். சொல்லத்தான் சொல்லிவிட்டார்கள், கதவுக்குப் பின்னால்.

“இது யார் எழுதினது?” என்றாள்.

“கையெழுத்து தெரியலையா? கண்ணாடிக் கடையிலதானே இருக்கே, ஒண்ணு வாங்கி மாட்டிக்க” என்றாள் அக்கா, மைக் வயரைப் பிரித்துக்கொண்டே.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?”

“சொன்னா நீ அழுவே.”

“நான் எப்போடி அழுதேன்?”

“அக்காவை டி போடாதே.”

சலூன்காரர் பேஸ் கிட்டாரின் பட்டையைத் தோளில் சரிசெய்தபடி கூரையைப் பார்த்தார். டிரைவர் மட்டும் மெதுவாக, “பாவம், ஒரு தடவை விட்டுப் பாக்கலாமேம்மா” என்றார்.

“என்னத்தை விட்டுப் பாக்கறது? முந்நூறு பேர் முன்னாடியா?” அக்கா திரும்பினாள். “சரி. வியாழக்கிழமை வரைக்கும் டைம். பன்னிரண்டு பார் உருப்படியா வாசிச்சுக் காட்டு. காட்டினா அடைப்புக்குறியை அடிக்கிறேன். இல்லேன்னா வாயைத் திறக்காம கார்டு வாசிக்கணும். சம்மதமா?”

“சம்மதம்” என்றாள் அரை மில்லி. சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூன்று நாளில் எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

*

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. நாட்குறிப்பும் அதுதான், வகுப்புக் குறிப்பும் அதுதான். அன்று என்ன சாப்பிட்டோம் என்பதற்குக் கீழேயே அன்று எந்த விரல் வலித்தது என்றும் எழுதியிருப்பாள். மாலை வகுப்பை நடத்தும் இளைஞன் பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுத்துப் பத்துப் பேர் பெயரையும் மறந்துவிடுகிறவன். அவன் சொன்னதெல்லாம் தேதி வாரியாக அதில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை, கட்டிலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். பாட்டு A சுருதியில். அதற்கு மைனர் பென்டாடானிக்: ஐந்தே சுரம். A, C, D, E, G. கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளை எண்ணிக்கொண்டு போனால், ஐந்தாம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வைத்தால் போதும். கை நகரவே வேண்டாம். ஆறு கம்பியிலும் கம்பிக்கு இரண்டு சுரம். தடித்த ஆறாம் கம்பியிலிருந்து மெல்லிய முதல் கம்பிவரை 5-8, 5-7, 5-7, 5-7, 5-8, 5-8. ஒரு பெட்டி மாதிரி. இந்தப் பெட்டிக்குள் எங்கே கை வைத்தாலும் தப்பாகாது என்று வகுப்பில் சொல்லியிருந்தான்.

தப்பாகாது என்ற சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. அதன் கீழே கோடு போட்டிருந்தாள்.

ஒரு பாருக்கு எட்டுச் சுரம் என்று வைத்தால் பன்னிரண்டு பாருக்குத் தொண்ணூற்றாறு. நோட்டில் பன்னிரண்டு கட்டம் போட்டாள். ஒவ்வொரு கட்டத்திலும் எட்டு எண்கள். பெட்டியில் ஏறுவது, இறங்குவது, நடுவில் திரும்புவது, மறுபடி ஏறுவது. ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. புதன்கிழமை மாலைக்குள் தொண்ணூற்றாறும் மனப்பாடம். ஆனாலும் ஏதோ குறைந்தது. பழைய பக்கங்களைப் புரட்டியபோது ‘ப்ளூ நோட்’ என்று ஒன்று அகப்பட்டது. D-க்கும் E-க்கும் நடுவே ஒளிந்திருக்கும் ஆறாவது சுரம். மூன்றாம் கம்பி, எட்டாம் ஃப்ரெட். ‘ப்ளூஸோட உயிரே இதுலதான் இருக்கு’ என்று வகுப்பில் சொன்னதாக எழுதியிருந்தாள்.

உயிர் அதிலென்றால் அதில் நிற்பதுதானே நியாயம் என்று அவளுக்குப் பட்டது. ஏழாவது பாரில் நான்கு சுரங்களை அழித்துவிட்டு, அங்கே ப்ளூ நோட்டை இரண்டு தட்டு முழுக்க நிறுத்தினாள்.

*

வியாழக்கிழமை அவள் வாசித்து முடித்தபோது சலூன்காரர் இருமினார். அது சிரிப்பை மறைக்கிற இருமல்.

குறை சொல்ல முடியாதபடி வாசித்திருந்தாள் என்றுதான் அவள் நினைத்தாள். நோட்டை ஸ்டாண்டில் வைத்து, ஓர் எண்ணும் விடாமல். ஆனால் டிரம்ஸ் நீளம்-குட்டை, நீளம்-குட்டை என்று நொண்டியாட்டம் போட்டுக்கொண்டிருக்க, அவள் சுரங்கள் சம இடைவெளியில் டக் டக் டக் டக் என்று போயின. ஏழாவது பாரில், ப்ளூ நோட்டில் வந்து அவள் உறுதியாக நின்றபோது, டிரைவர் ஒரு குச்சியைக் கீழே போட்டார்.

“அது என்னம்மா, நடுவுல?” என்றார் அவர்.

“ப்ளூ நோட்.”

“நான் ஏதோ பூனை வாலை மிதிச்சுட்டேன்னு நினைச்சேன்.”

“அதுல நிக்கக் கூடாதும்மா” என்றார் சலூன்காரர், இருமல் அடங்கியதும். “D-லேர்ந்து E-க்குப் போற வழியில தொட்டுட்டுப் போறது அது. வாசற்படியில யாராவது பாய் விரிப்பாங்களா?”

அக்கா பையில் பேனாவைத் தேடினாள். அடைப்புக்குறியை அடிப்பதற்கு இல்லை. ‘சோலோ வேண்டாம்’ என்பதற்குக் கீழே ஒரு கோடு போட.

அந்தக் கோடுதான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது.

“எதுக்குடி கோடு? ஒரு தடவை எழுதினது போதாதா?” என்று ஆரம்பித்த அரை மில்லி அப்புறம் நிறுத்தவே இல்லை. மூன்று வாரமாகக் கேட்டபோதெல்லாம் கார்டு வாசிக்கவில்லையா, விரல் நுனி தேய்ந்து தோல் உரியவில்லையா, பட்டறையில் லென்ஸைப் பிடிக்க முடியாமல் திட்டு வாங்கவில்லையா, தொண்ணூற்றாறில் ஒன்றாவது பெட்டிக்கு வெளியே போனதா, அந்த ஒரு சுரம் தப்பென்றால் அதை மாற்றச் சொல்வதுதானே, சின்ன வயதிலிருந்து இப்படித்தான், சைக்கிளில்கூட முதலில் நீ ஓட்டிப் பழகு என்று சொல்லி, அவளே ஏறிப்போய்விட்டு...

அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பகலெல்லாம் புகார் எடுக்கும் தொலைபேசி மையத்தில் உட்கார்ந்திருப்பவள். கத்துகிறவர்களிடம் நாள் முழுக்க ‘புரியுதுங்க சார், மன்னிக்கணும் மேடம்’ என்று சொல்லிச் சொல்லித் தேக்கிவைத்ததை மாலையில் இந்த அறையில் வந்துதான் திறந்துவிடுவாள். இன்று அது பாட்டாக வரவில்லை.

“நான் உன்னைக் கேட்டேனா?”

அறை அமைதியானது. அக்கா மூச்சு வாங்கினாள். கிட்டாரின் ஒலிபெருக்கி ஆம்ப் மட்டும் ரீங்கரித்தது.

“நான் உன்னைக் கேட்டேனாடி?”

மறுபடியும் அமைதி. இந்தத் தடவை அது இன்னும் நீளம். பிறகு, மைக்கே தேவையில்லாத சத்தத்தில்:

“நீயா வந்தே! நீயா நின்னே! நீயா கிட்டாரை எடுத்து மாட்டிக்கிட்டே!”

கடைசி வார்த்தையில் குரல் கரகரவென்று கிழிந்தது. அரை மில்லி கிட்டாரைப் பையில் திணித்து, ஜிப்பைப் பாதிவரை இழுத்து, மீதி மாட்டிக்கொண்டதைக்கூடப் பார்க்காமல் வெளியே போனாள்.

*

வெள்ளிக்கிழமை வீட்டில் பேச்சு அம்மா வழியாக நடந்தது. அம்மா இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராமல், இரண்டு பக்கத்தையும் திட்டினாள்.

“உங்க அக்காவுக்குத் தொண்டை போயிடுச்சு. ஆபீஸ்ல லீவு சொல்லிட்டா. போன்ல பேசற வேலை, ஊமையா போய் என்ன செய்வா? வெந்நீர் வெச்சுக் குடுன்னா நீ திரும்பிக்கிறே.”

“வெந்நீர் வேணும்னா கேக்கச் சொல்லு.”

“அவ எப்படிக் கேப்பா? தொண்டைதான் இல்லையே!”

அடுத்த அறையிலிருந்து, சிரங்கு பிடித்த தவளை மாதிரி ஒரு குரல், “எனக்கு ஒண்ணும் வேணாம்னு சொல்லு” என்றது.

“காதுல விழுந்துச்சா? நடுவுல நான் எதுக்குடி?” என்று அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அரை மில்லி நோட்டைத் திறந்தாள். நடந்தது நடந்தபடி எழுதுவது அவள் வழக்கம். எழுதினால் யார் மேல் தப்பு என்று தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அது தன் மேல்தான் இருக்குமோ என்று எப்போதும் ஒரு பயமும் உண்டு. இரண்டு பேர் பேசியதையும் வரி பிசகாமல் எழுத உட்கார்ந்தாள்.

அவள் பேசியது மட்டும் இரண்டு பக்கம் வந்தது. அதிலும் பாதி ஞாபகமில்லை. தானே பேசியது தனக்கே ஞாபகமில்லை. அக்கா பேசியது மூன்று வரி. அந்த மூன்று வரியில் ஓர் எழுத்துகூட மறக்கவில்லை. எங்கே மூச்சு வாங்கினாள், எங்கே ஆம்ப் ரீங்கரித்தது என்பதுவரை ஞாபகம் இருந்தது.

அவள் பேனாவை வைத்துவிட்டு இரண்டையும் பார்த்தாள். இரண்டு பக்கம் பேசியவள் தோற்றிருக்கிறாள், மூன்று வரி பேசியவள் ஜெயித்திருக்கிறாள்.

பக்கத்துப் பக்கத்தில்தான் தொண்ணூற்றாறு எண்கள் இருந்தன. பன்னிரண்டு கட்டம், மூச்சு விட இடமில்லாமல். அவளுடைய இரண்டு பக்கப் பேச்சும் பார்ப்பதற்கு அப்படியேதான் இருந்தது.

சட்டென்று பக்கத்தைத் திருப்பி, புதிதாகப் பன்னிரண்டு கட்டம் போட்டாள். முதல் இரண்டில் ‘கேட்டேனா’ என்று எழுதினாள். அடுத்த இரண்டைக் காலியாக விட்டாள். காலியாக விட்ட இடம் கண்ணை உறுத்தியது. நிரப்பத் துடித்த கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். ஐந்திலும் ஆறிலும் மறுபடி ‘கேட்டேனா’. ஏழும் எட்டும் காலி. ஒன்பதும் பத்தும் ‘நீயா வந்தே’. பதினொன்றில் முடிவு.

அப்புறம்தான் கவனித்தாள். பாட்டின் கார்டுகளும் இதே மாதிரிதான் மாறின. முதல் நான்கு பார் A-யில் இருக்கும். ஐந்தில் D-க்குப் போய், ஏழில் A-க்குத் திரும்பிவிடும். ஒன்பதில் E, பத்தில் மறுபடி D, பதினொன்றில் A வந்து வீடு சேரும். முதலில் கேள்வி. அதே கேள்வி, தரை மாறிய பிறகு. கடைசியில் அடி. அக்கா ப்ளூஸிலேயே திட்டியிருக்கிறாள், படுபாவி.

கிட்டாரை எடுத்தாள். கேள்விக்கு மூன்றாம் கம்பி, ஏழாம் ஃப்ரெட்: D. அந்தக் கம்பியை மூன்று விரலால் மேலே தள்ளி இழுத்தால் D உயர்ந்து E ஆக வேண்டும். ஆயிற்றா என்று பார்க்க அளவுகோல் பக்கத்திலேயே இருந்தது: இரண்டாம் கம்பி, ஐந்தாம் ஃப்ரெட், அதுவும் E. இரண்டையும் மாற்றி மாற்றி மீட்டி, இழுத்தது அதைத் தொடும்வரை தள்ளினாள். அரை மில்லி குறைந்தால்கூடக் காது கண்டுபிடித்துவிட்டது. இழுத்து, நிறுத்தி, தளர்த்தி D, பிறகு C, பிறகு கீழே G. அங்கேயே விட்டுவிட வேண்டும். A-க்குப் போனால் கேள்வி முடிந்துவிடும். G-யில் விட்டால் கேள்வி காற்றில் தொங்கும், பதில் சொல்லுடி என்று. இரண்டாம் முறை, தரை D ஆனபோது, அதே வரி. ஆனால் C-யிலேயே வெட்டி நிறுத்தினாள். அங்கே அதுதான் தொங்கியது.

‘நீயா வந்தே’ மேலே E-யிலிருந்து இறங்கியது. E, ப்ளூ நோட், D, C. ப்ளூ நோட்டை இந்தத் தடவை வாசற்படியாக மிதித்துவிட்டு நகர்ந்தாள். பதினொன்றாம் பாரின் முதல் தட்டில் A. அடி விழுந்தாற்போல.

எண்ணிப் பார்த்தாள். மொத்தமே இருபதுக்குப் பக்கம். தொண்ணூற்றாறில் கால்வாசிகூட இல்லை. இவ்வளவு குறைவாக வாசித்தால் கையாலாகாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற சந்தேகம் வந்தது. நினைத்தால் நினைக்கட்டும் என்ற கோபம் அதைவிட வேகமாக வந்தது. எல்லாவற்றையும் ஃப்ரெட் எண்ணாக நோட்டில் எழுதிவைத்தாள்.

*

சனிக்கிழமை பிற்பகல் யாரும் கூப்பிடாமலேயே அவள் ஒத்திகைக்கு வந்து, ஸ்டாண்டில் நோட்டை வைத்தாள். அக்கா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் வெந்நீர்க் குப்பியோடு, ஆம்ப் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“ஆறாவது பாட்டு, ஒரு தடவை” என்றாள் அரை மில்லி, டிரைவரைப் பார்த்து. “சோலோவோட.”

டிரைவர் அக்காவைப் பார்த்தார். அக்கா குப்பியைப் பார்த்தாள். பிறகு தவளைக் குரலில் சலூன்காரரிடம் சொன்னாள், “அண்ணே, எனக்கு மேல எட்டாது. G-ல போயிடலாம்.”

“போலாமே. இன்னிக்கு மட்டுமா, நாளைக்கும் அப்படியேவா?”

“நாளைக்கும் G-தான். அதுக்குள்ள சரியாகாது.”

அரை மில்லி நோட்டைத் தட்டிக் காட்டினாள். “G-ன்னா? என் சோலோ A-ல இருக்கு!”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“வேணும்னே பண்றே.”

“வேணும்னே தொண்டையைக் கிழிச்சுக்கிட்டேனா? யாரால போச்சு இந்தத் தொண்டை? வியாழக்கிழமை இங்க வந்து கத்தவெச்சது யாரு?” அக்கா பேசப் பேச, பாதிச் சொற்கள் வெறும் காற்றாக வந்தன. “உன்னாலதாண்டி G.”

அது உண்மையாக இருந்ததுதான் இன்னும் எரிச்சல். அவள் நோட்டைப் பார்த்தாள். அதில் இருந்த ஒவ்வோர் எண்ணும் பொய்யாகிவிட்டது. ஏழு என்றால் ஏழில்லை, ஐந்து என்றால் ஐந்தில்லை.

“பெட்டியை அப்படியே ரெண்டு ஃப்ரெட் கீழ தள்ளிக்கம்மா” என்றார் சலூன்காரர், ட்யூனிங் பார்த்துக்கொண்டே. “வீடு மாத்தினா பீரோவும் கட்டிலும் மாறிடுமா?”

ரெண்டு. ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. ஆள்காட்டி விரல் மூன்றில். ஏழு, ஐந்தாகும். எட்டு, ஆறாகும். மனதுக்குள் நோட்டின் எண்களிலிருந்து இரண்டிரண்டாகக் கழிக்கத் தொடங்கினாள். அதற்குள் டிரைவர் குச்சிகளைத் தட்டி நாலு எண்ணிவிட்டார்.

கார்டு வாசிக்கும்போதே கழித்துக்கொண்டிருந்தாள். முதல் சரணம் போயிற்று. கிட்டார் கழுத்தின் ஓரத்தில் மூன்றிலும் ஐந்திலும் ஏழிலும் வெள்ளைப் புள்ளி இருந்தது. இத்தனை நாள் ஐந்தாம் புள்ளி ஆள்காட்டி விரலின் வீடு. இப்போது அங்கே மோதிர விரல் குடியேற வேண்டும். கண் ஐந்தைப் பார்த்ததும் ஆள்காட்டி விரல் தானாக ஓடியது. இரண்டாம் சரணத்தில் அக்கா தேய்ந்த குரலில் உறுமிக்கொண்டிருந்தாள். இன்னும் கழித்து முடியவில்லை. நாலாவது வரியிலிருந்த எண்ணில் இரண்டைக் கழித்தபோது மூன்றாவது வரி மறந்துபோனது.

நோட்டை மூடினாள். மூடியதில் ஸ்டாண்டே ஆடியது.

கேட்டேனா. அவ்வளவுதானே. அந்த வரி எண்ணில்லையே. அதற்கு எந்த வீடாக இருந்தால் என்ன?

சரணம் முடிந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டு, குப்பியோடு ஆம்ப் மேல் போய் உட்கார்ந்தாள். ஒரு தட்டு வீணாகப் போனது. அரை மில்லி மூன்றாம் கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டை அமுக்கி, மேலே தள்ளினாள்.

கம்பி வரவில்லை. கழுத்தின் நுனிக்கு நெருக்கமாகப் போகப் போகக் கம்பி முறைக்கும் என்பதை அவள் படித்திருக்கிறாள், விரலில் அறிந்ததில்லை. ஏழில் வெண்ணெயாக வளைந்தது ஐந்தில் இரும்பாக நின்றது. C பாதி வழியில் மாட்டிக்கொண்டு, C-யும் இல்லாமல் D-யும் இல்லாமல் முனகியது. காது தப்பு தப்பு என்றது. விடு, அடுத்ததற்குப் போ என்றது பழைய பழக்கம். அவள் விடவில்லை. விரல் நுனியில் உரிந்த தோல் எரிய, மூன்று விரலையும் மணிக்கட்டையும் சேர்த்து, அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளினாள். கம்பி கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு பார் முழுக்க எடுத்துக்கொண்டு, D-யில் போய்ச் சேர்ந்தது. அங்கே அதை நடுங்க நடுங்கப் பிடித்தாள். தளர்த்தினாள். கீழே இறங்கினாள். தொங்கவிட்டாள்.

பிறகு கையை எடுத்துவிட்டாள்.

இரண்டு பார். டிரம்ஸ் நொண்டியது, பேஸ் நடந்தது. கிட்டார் சும்மா இருந்தது. சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா என்று அவளுக்குத் தோன்றியது. சலூன்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். மறந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

ஐந்தாம் பாரில் தரை மாறியது. மறுபடியும் அதே இழுப்பு. இந்தத் தடவை கம்பியின் முறைப்பு தெரிந்திருந்ததால், முதலிலேயே பலம் கொடுத்தாள். நொண்டியாட்டத்தின் நீளம்-குட்டையோடு, பேசுவது போலவே விழுந்தது: நான் உன்னைக் கேட்டேனாடி. வெட்டி நிறுத்தினாள்.

அக்காவின் கையில் குப்பி பாதி வழியில் நின்றது. கண் சுருங்கியது. புரிந்துவிட்டது என்று அரை மில்லிக்குப் புரிந்தது.

புரியட்டும்.

ஒன்பது. மேலிருந்து இறங்கினாள்: நீயா வந்தே, நீயா நின்னே. வாசற்படியை மிதித்து, தாண்டி, பதினொன்றாம் பாரின் முதல் தட்டில் G-யில் விழுந்தாள். டிரைவர் அதே தட்டில் சிம்பலை ஓங்கி அடித்தார்.

அக்கா எழுந்து மைக்கிடம் வந்தாள். பன்னிரண்டு முடியப்போகிறது, மூன்றாம் சரணம். மூச்சை இழுத்தாள். அரை மில்லியின் நோட்டிலும் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் நேற்று கட்டத்தில் எழுதியது எல்லாம் அக்கா பேசியது. இவள் பேசிய இரண்டு பக்கம் இன்னும் பாக்கியிருந்தது. அதை அடித்து அடித்துச் சுருக்கினால் மிஞ்சுவது ஒரே வரிதான்: ஆமா, நானாத்தான் வந்தேன்.

அந்த ஒரு வரிக்கு நான்கு சுரம் அகப்பட்டது. முதல் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட், G. அதன் பக்கத்துக் கம்பியில் இரண்டு சுரம், மறுபடி G. வாசித்தாள். உடனே மறுபடி வாசித்தாள். அக்கா பாட ஆரம்பித்தாள். அரை மில்லி மூன்றாம் முறை வாசித்தாள். கார்டு கீழே மாறியது, அவள் மாற்றவில்லை. நானாத்தான் வந்தேன். தவளைக் குரலும் கிட்டாரும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மிதித்தன. டிரைவர் யாரைப் பின்தொடர்வது என்று தெரியாமல் நின்றுவிட்டார். சலூன்காரரும் நின்றார். கடைசியாக நின்றவள் அரை மில்லி.

“பன்னிரண்டுன்னுதானே பேச்சு?” என்றாள் அக்கா.

“அது உன் பேச்சு. என்னோடது இன்னும் முடியல.”

“முன்னாடி இருந்தவன் இருபத்துநாலு வாசிப்பான்” என்றார் டிரைவர், யாரையும் பார்க்காமல்.

“அவன் ஊரைவிட்டே போயிட்டான்.”

“நான் போகல” என்றாள் அரை மில்லி.

அக்கா அவளை முறைத்தாள். அதில் மன்னிப்பும் இல்லை, பாராட்டும் இல்லை. வியாழக்கிழமை இருந்த அதே கோபம்தான். ஆனால் அக்கா அவள் தலைக்கு மேல் பார்த்துப் பேசவில்லை. நேராகக் கண்ணைப் பார்த்தாள்.

“என் வார்த்தையை எடுத்து என்னையே திட்டறே.”

“நீதான் திட்டினே. நான் கம்பியில போட்டேன்.”

“முதல் இழுப்பு சுருதியில இல்ல.”

“வந்து சேர்ந்துச்சு.”

“லேட்டா.”

“சேர்ந்துச்சுல்ல?”

சலூன்காரர் மறுபடி இருமினார். அக்கா கதவிடம் போனாள். பேனாவால் ‘வேண்டாம்’ என்ற வார்த்தையை, காகிதம் கிழியும்படி அடித்தாள். பக்கத்தில் இருபத்துநாலு என்று எண்ணில் எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

“இருபத்துநாலு. இருபத்தஞ்சாவது பார் வந்துச்சுன்னா மைக் ஸ்டாண்டாலயே போடுவேன். முந்நூறு பேர் பாத்தாலும் சரி.”

“எண்ணிக்கோ.”

“எண்ணத்தான் போறேன். சோலோலேர்ந்து எடுங்க.”

அக்கா திரும்பவும் ஆம்ப் மேல் உட்கார்ந்து, குப்பியை மடியில் வைத்து, விரல் கணுக்களில் கட்டைவிரலை வைத்துத் தயாரானாள். அரை மில்லி ஸ்டாண்டிலிருந்த நோட்டை எடுத்துக் கிட்டார் பைக்குள் போட்டாள். விரல் நுனியில் லேசாக ரத்தம் தெரிந்தது, கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். இந்த முறை கண் ஐந்தாம் புள்ளிக்குப் போனபோது, மோதிர விரல் முந்திக்கொண்டது.

டிரைவர் நாலு எண்ணினார்.